பெயர் பதிவில் இருக்கிறது, பெட்டி பதிவில் இல்லை

கேள்வி: வணக்கம் சார். கும்பகோணத்தில் எங்கள் அப்பா 1998-ல் ஆரம்பித்த ஸ்வீட் கடையை நானும் தம்பியும் நடத்துகிறோம். 2012-ல் திருச்சியில் ஒரு கிளை போட்டோம். கடைப் பெயர் 'தேன்மொழி ஸ்வீட்ஸ்' என்று வைத்துக்கொள்ளுங்கள் (இரண்டு கடைப் பெயர்களையும் மாற்றித்தான் எழுதுகிறேன்). 2006 முதல் ஒரே பெட்டிதான்: அரக்கு நிறம், தங்கக் கரை, நடுவில் தோகை விரித்த மயில், கீழே மஞ்சள் எழுத்தில் பெயர். 'தேன்மொழி' என்ற சொல்லுக்கு மட்டும் 2019-ல் டிரேட்மார்க் வாங்கியிருக்கிறோம். போன தீபாவளிக்கு முன்னால் எங்கள் திருச்சி கடைக்கு நாலு தெரு தள்ளி 'தேன்மதி ஸ்வீட்ஸ்' வந்தது. அதே அரக்கு, அதே தங்கக் கரை, அதே மஞ்சள் எழுத்து. மயிலுக்குப் பதில் அன்னம். எங்களிடம் ஏழு வருடம் இருந்த சரக்கு மாஸ்டர் இப்போது அங்கே. ஒரு அம்மா பூசணம் பிடித்த முந்திரி கேக்கை அவர்கள் பெட்டியோடு கொண்டுவந்து எங்கள் கல்லாவில் வைத்துச் சண்டை போட்டார். அந்தக் கடைக்காரரைக் கேட்டால், "தேன்மதி என் மகள் பெயர், தேன் என்பது யாருக்கும் பட்டா போட்டுக் கொடுத்ததில்லை, பெட்டி சிவகாசி டிசைன்" என்கிறார். அவரும் டிரேட்மார்க்குக்கு விண்ணப்பித்து, போன மாதம் டிரேட்மார்க் ஜர்னலில் வந்துவிட்டதாம். சர்டிபிகேட் எங்களிடம் இருக்கும்போது இது எப்படி நடக்கிறது?

பதில்:

வணக்கம். உங்களிடம் இரண்டு ஆயுதங்கள் இருக்கின்றன. நீங்கள் பெரிதாக நம்பும் சர்டிபிகேட்தான் இரண்டில் பலம் குறைந்தது. பதிவே செய்யாமல் விட்ட பெட்டிதான் பலமானது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பலர் சர்டிபிகேட்டை லேமினேட் செய்து எடுத்துக்கொண்டு வந்து, அதை மட்டும் வைத்து வழக்குப் போடச் சொல்வார்கள். உங்கள் விஷயத்தில் அப்படிப் போட்டால் பாதிக் கிணறு தாண்டிய கதையாகிவிடும்.

1999-ஆம் ஆண்டு வணிகக்குறிகள் சட்டத்தில் பதிவு பெற்றவருக்குக் கிடைப்பது 'மீறல்' வழக்கு. அதற்கான பிரிவு 29. பதிவேட்டில் என்ன இருக்கிறதோ அதையும், எதிராளி பயன்படுத்தும் குறியையும் மட்டும் நீதிமன்றம் ஒப்பிட்டுப் பார்க்கும். உங்கள் கடை எத்தனை வருடப் பழசு, எவ்வளவு பேர் வருகிறார்கள் என்பதெல்லாம் அங்கே இரண்டாம் பட்சம். இன்னொன்று 'பாசிங் ஆஃப்'. தன் சரக்கை அடுத்தவன் சரக்குபோலத் தோன்றும்படி விற்பது என்று வைத்துக்கொள்ளலாம். இதற்குப் பதிவே தேவையில்லை. பதிவில்லாத குறிக்கு மீறல் வழக்குக் கிடையாது என்று சொல்கிற அதே 27-ஆம் பிரிவுதான், பாசிங் ஆஃப் உரிமையை இந்தச் சட்டம் தொடவில்லை என்றும் சொல்கிறது. ஆனால் இங்கே மூன்றை நீங்கள் நிரூபிக்க வேண்டும்: மக்களிடம் உங்கள் கடைக்கு ஒரு பெயர் இருக்கிறது, எதிராளி செய்வது வாங்குகிறவரைத் தப்பாக நினைக்க வைக்கிறது, அதனால் உங்களுக்கு நஷ்டம் வந்தது அல்லது வரக்கூடும்.

முதலில் மீறல். உங்கள் பதிவு 'தேன்மொழி' என்ற சொல்லுக்கு மட்டும். ஆகவே நீதிபதி முன்னால் இருக்கப்போவது தேன்மொழியும் தேன்மதியும்தான். மயிலும் அரக்கும் தங்கக் கரையும் அந்த மேசைக்கே வராது. சரக்கு இரண்டு பேருக்கும் ஒன்றே என்பது உங்களுக்குச் சாதகம். தொடக்க ஒலி ஒன்றே, சொல்லின் அமைப்பும் ஒன்றே. கடைக்காரரிடமும் போனிலும் வாயால் சொல்லி வாங்குகிற பொருள் இது. பேச்சில் சொல்லப்படுவதும் மீறலாகும் என்று 29-ஆம் பிரிவே சொல்கிறது. பெயரைத் துண்டு துண்டாக வெட்டி ஒப்பிடக் கூடாது, முழுதாகத்தான் பார்க்க வேண்டும். வாங்குகிறவரின் நினைவு அரைகுறையானது என்பதையும் மனதில் வைக்க வேண்டும். அமிர்ததாரா, லக்ஷ்மண்தாரா என்ற இரண்டு மருந்துப் பெயர்கள் குறித்து 1962-லேயே உச்ச நீதிமன்றம் இப்படிப் பார்த்துத்தான், குழப்பம் வரும் என்று சொன்னது.

எதிர்ப்பக்கமும் சும்மா இருக்காது. மொழி வேறு, மதி வேறு. தமிழ் தெரிந்த யாருக்கும் இரண்டும் வேறு வேறு அர்த்தமுள்ள, வேறு வேறு பெண் பெயர்கள். இனிப்பு விற்கிறவர்கள் 'தேன்' என்று தொடங்கும் பெயரை வைப்பது சாதாரணம். முழுக் குறிக்குப் பதிவு வாங்கினால் அதன் ஒரு பகுதிக்குத் தனி உரிமை வந்துவிடாது என்று பிரிவு 17 சொல்கிறது. 'தேன் யாருக்கும் பட்டா இல்லை' என்று அவர் சொன்னது சட்டப்படி பாதி உண்மை. பெயரை மட்டும் வைத்து ஒரு நீதிபதி தடை கொடுக்கவும் செய்யலாம், மறுக்கவும் செய்யலாம். மறுக்க வாய்ப்பு கொஞ்சம் அதிகம் என்பது என் கணக்கு.

மகள் பெயர் வாதத்தைப் பற்றிப் பயப்படாதீர்கள். பிரிவு 35 காப்பாற்றுவது ஒருவர் நல்லெண்ணத்தோடு தன் சொந்தப் பெயரை, அல்லது அந்தத் தொழிலில் தனக்கு முன்பிருந்தவரின் பெயரைப் பயன்படுத்துவதை. மகள் அவருக்கு முன்பிருந்தவர் அல்ல. அப்படியே ஒரு நீதிபதி இரக்கப்பட்டு ஏற்றுக்கொண்டாலும், மகளுக்குத் தேன்மதி என்று பெயர் வைத்தது கடைப் பெயருக்குத்தான் விளக்கம். பெட்டி அரக்கு நிறத்தில் இருப்பதற்கும் எழுத்து மஞ்சளில் இருப்பதற்கும் அது விளக்கமாகாது.

அங்கிருந்துதான் உங்கள் உண்மையான வழக்கு தொடங்குகிறது. பாசிங் ஆஃபில் நீதிமன்றம் பார்ப்பது கடைக்கு வருகிறவர் கண்ணில் படும் மொத்தத் தோற்றத்தை. அரக்கு நிறம் உங்கள் சொத்தல்ல, தங்கக் கரையும் அல்ல. தமிழ்நாட்டில் பாதிக் கல்யாணப் பத்திரிகை அந்த நிறத்தில்தான் வருகிறது. ஆனால் அரக்கு, தங்கக் கரை, நடுவில் ஒரு பறவை, கீழே மஞ்சள் எழுத்தில் தேன் என்று தொடங்கும் பெயர், இத்தனையும் சேர்ந்து ஒரே வரிசையில், நாலு தெரு தள்ளி வருவது வேறு விஷயம். தனியாகப் பார்த்தால் தப்பித்துப் போகக்கூடிய 'தேன்மதி' என்ற பெயரும் அந்தப் பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்ததும் உங்கள் பெயர்போல ஆகிவிடுகிறது.

"மயில் எங்கே, அன்னம் எங்கே, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்" என்று அவருடைய வக்கீல் சொல்வார். அப்படிப் பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கூடாது என்பதுதான் 1972-ல் பார்லே பிஸ்கட் உறை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த உறையில் ஒரு பண்ணை, நடுவில் ஒரு பெண், சுற்றிலும் மாடுகளும் கோழிகளும். எதிராளியான மைசூர்க் கம்பெனியின் உறையிலும் ஒரு பெண், மாடுகள், கோழிகள். ஆனால் அவள் தலையில் புல்கட்டு. வித்தியாசத்தை எண்ணினால் நிறைய எண்ணலாம். ஒன்றைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன ஒருவர் இன்னொரு நாள் மற்றதைப் பார்த்தால் அதையே முதலாவது என்று எடுத்துக்கொள்வாரா என்பதுதான் கேள்வி என்றார்கள். பார்லே வென்றது. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: பார்லேயின் உறை பதிவாகியிருந்தது, அதனால் அது மீறல் வழக்காக நடந்தது. உங்கள் பெட்டி பதிவாகவில்லை. அந்த ஒப்பிடும் முறை உங்களுக்கு உதவும், ஆனால் பெட்டிக்குப் பேர் இருக்கிறது என்பதை நீங்கள் தனியாக நிரூபிக்க வேண்டியிருக்கும்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. மீறல் வழக்கில் எதிராளி தன் முகவரியை எத்தனை பெரிதாக அச்சிட்டிருந்தாலும் அது பதில் ஆகாது. பாசிங் ஆஃபில் அது பதில் ஆகலாம். கூடுதலாகச் சேர்த்தவை குழப்பத்தை நீக்கிவிட்டனவா என்று பார்ப்பார்கள். 1964-ல் நவரத்னா வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் இப்படிப் பிரித்துக் காட்டிவிட்டது. ஆகவே அவருடைய பெட்டியை ஒரு தடவை பொறுமையாகத் திருப்பிப் பாருங்கள். முகவரி அடியில் பொடி எழுத்தில் இருந்தால் கவலையில்லை. மூடியின் மேலேயே 'திருச்சியில் மட்டும், எங்களுக்கு வேறு கிளைகள் இல்லை' என்று போட்டிருந்தால் உங்கள் வழக்கு கொஞ்சம் இளைத்துப்போகும்.

இப்போது நீங்கள் நிதானமாகக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. 2006-ல் அந்தப் பெட்டி எங்கிருந்து வந்தது? ஓவியரை வைத்து உங்களுக்காகவே வரைந்ததா, அல்லது அச்சகத்தின் கேட்லாக்கில் இருந்த ரெடிமேட் டிசைனில் உங்கள் பெயரை மட்டும் ஏற்றியதா? அவர் 'சிவகாசி டிசைன்' என்று சொன்னது போகிற போக்கில் சொன்னதாக இருக்காது. வக்கீலைப் பார்த்துவிட்டுத்தான் சொல்லியிருப்பார். 'இந்தத் தோற்றம் இந்தத் தொழிலில் எல்லோருக்கும் பொது' என்ற வாதம் அது, நிரூபணமானால் உங்கள் பாசிங் ஆஃப் வழக்கின் அஸ்திவாரமே ஆடிவிடும். ஆனால் கேட்லாக்கில் ஒரு பக்கத்தைக் காட்டினால் மட்டும் போதாது. அதே மாதிரிப் பெட்டியை வேறு கடைகள் உண்மையாகவே, கணிசமான அளவில் பயன்படுத்துகின்றன என்று அவர் காட்ட வேண்டும்.

அதனால் வக்கீல் நோட்டீசுக்கு முன்னால் உங்கள் அச்சகத்துக்குப் போங்கள். 2006 முதல் இன்றுவரை பெட்டி அடித்த பில்கள், முதல் டிசைன் ஃபைல், டிசைன் செய்தவருக்குக் கொடுத்த கூலி ரசீது எல்லாவற்றையும் வாங்குங்கள். வெளி ஆளை வைத்து வரைந்திருந்தால், எழுத்தில் உங்களுக்கு மாற்றிக் கொடுக்காத வரை அந்தப் படத்தின் பதிப்புரிமை பெரும்பாலும் அவரிடமே இருக்கும். அவரைத் தேடிப் பிடித்து ஓர் உரிமை மாற்றப் பத்திரம் எழுதி வாங்குவது நல்லது. அப்படியே திருச்சிக் கடைவீதிகளில் ஒரு சுற்று நடந்து, அரக்குப் பெட்டியில் பறவை போட்டு விற்கும் கடை வேறு எதுவும் உண்டா என்று நீங்களே பாருங்கள். உங்களுக்கு எதிரான சாட்சி இருந்தால் அதை முதலில் கண்டுபிடிக்க வேண்டியது நீங்கள்தான்.

பெட்டிக்கு இருக்கும் பேரை நிரூபிக்க வருடவாரியான விற்பனைத் தொகையை ஆடிட்டரிடம் சான்றாக வாங்குங்கள். திருச்சிக் கிளைக்குத் தனியாக. வழக்கு நடக்கப்போவது திருச்சி வாடிக்கையாளர் மனதைப் பற்றி என்பதால் கும்பகோணத்துக் கணக்கைவிட 2012-க்குப் பிறகான திருச்சிக் கணக்குதான் முக்கியம். பெட்டியின் படம் தெரிகிற பழைய விளம்பரங்கள், தீபாவளி நோட்டீஸ்கள், கடைத் திறப்பு விழா போட்டோக்கள் எல்லாம் வேண்டும். மொபைல் போட்டோ, வாட்ஸ்அப் செய்தி ஆகியவற்றைத் தாக்கல் செய்யும்போது 2023-ஆம் ஆண்டு பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவுப்படி சான்றிதழ் இணைக்க வேண்டும். பழைய 65-பி சான்றிதழின் இடத்தில் இப்போது இருப்பது அது.

எதிராளி கடைக்கு ஒரு தெரிந்தவரை அனுப்பி, பில்லோடு சரக்கு வாங்கச் சொல்லுங்கள். பெட்டி, பை, பில் மூன்றும் அப்படியே இருக்கட்டும். அங்கே போய் வாக்குவாதம் வேண்டாம். ஃபேஸ்புக்கில் 'போலிக்கடை' என்று எழுதவும் வேண்டாம்; அவதூறு வழக்கை அவருக்கு நீங்களே எடுத்துக் கொடுத்ததாகிவிடும்.

சண்டை போட்ட அந்த அம்மாவைப் பற்றி இரண்டு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்திலேயே மதிப்புள்ள செய்தி அதுதான். குழப்பம் நடந்தே இருக்க வேண்டும் என்று சட்டம் கேட்பதில்லை, நடக்கக்கூடும் என்றாலே போதும். ஆனால் நிஜமாக ஏமாந்த ஒருவர் பிரமாணப் பத்திரம் கொடுத்தால் நீதிபதிக்கு ஊகம் செய்யும் வேலை மிச்சம். வேறு யாரோ விற்ற பூசணம் பிடித்த முந்திரி கேக்குக்கு உங்கள் கல்லாவில் வசவு விழுந்தது பாருங்கள், மூன்றாவதாக நிரூபிக்க வேண்டிய நஷ்டம் அதுவே. விற்பனை குறையாவிட்டாலும் பெயர் கெடுவது நஷ்டம்தான். அவரைக் கண்டுபிடித்து நடந்ததை அவர் வாயாலேயே எழுதி வாங்குங்கள். சொந்த ஊழியர்கள் கொடுக்கும் பிரமாணப் பத்திரத்துக்கு அந்த எடை இருக்காது.

சரக்கு மாஸ்டர் போனதை வழக்கின் மையமாக்காதீர்கள். ருசிக்கு டிரேட்மார்க் கிடையாது. ஒப்பந்தத்தில் தனியாக எதுவும் எழுதி வாங்கியிருந்தால் ஒழிய, கைப்பக்குவம் அவரோடு போய்விட்டது. ஆனால் ஏழு வருடம் உங்கள் பெட்டியைக் கையில் வைத்திருந்த ஒருவர் அந்தக் கடையில் இருக்கிறார் என்பது, 'உங்கள் பெட்டியைப் பார்த்ததே இல்லை' என்று எதிராளி சொல்ல முடியாதபடி செய்கிறது. மனுவில் ஒரே ஒரு பத்தி போதும்.

இனி அவருடைய விண்ணப்பம். இங்கேதான் உங்களுக்கு நாள் கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. ஜர்னலில் விளம்பரமான தேதியிலிருந்து 4 மாதத்துக்குள் எதிர்ப்பு மனு போட வேண்டும். ஒரு நாள் தாண்டினாலும் பதிவாளரால் நீட்டித்துக் கொடுக்க முடியாது. படிவம் டிஎம்-ஓ, இணையத்தில் போட்டால் ஒரு சரக்கு வகுப்புக்கு 2,700 ரூபாய். வழக்குப் போடுவதா வேண்டாமா என்று நீங்களும் தம்பியும் இன்னும் முடிவு செய்யாவிட்டாலும் இதை மட்டும் போட்டுவிடுங்கள்.

தவறவிட்டு அவருக்கும் பதிவு கிடைத்துவிட்டால் என்ன ஆகும்? பிரிவு 28(3)-ன்படி, பதிவு பெற்ற இருவர் ஒருவர்மீது ஒருவர் மீறல் வழக்கில் ஜெயிக்க முடியாது. உங்கள் சர்டிபிகேட் அந்த அளவில் செயலிழந்துவிடும். அவருடைய பதிவை நீக்கச் சொல்லித் தனியாக மனுப் போட்டு அலைய வேண்டியிருக்கும். பாசிங் ஆஃப் மட்டும் அப்போதும் உயிரோடிருக்கும். இதைச் சொன்ன தீர்ப்பும் ஓர் இனிப்புக் கடைத் தீர்ப்புதான்: திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா வழக்கு. இரண்டு தரப்பிடமும் பதிவு இருந்தது. பதிவு என்பது ஏற்கெனவே உள்ள உரிமையை அங்கீகரிப்பது, முன்பிருந்தே பயன்படுத்தி வருபவரின் உரிமை அதைவிட மேலானது என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் சொல்லி, முதலில் பயன்படுத்தியவருக்குக் கிடைத்த தடையை உறுதி செய்தது. உங்கள் 1998-ம் 2006-ம் ஏன் 2019-ஐவிடப் பெரிய எண்கள் என்பது இப்போது புரிந்திருக்கும்.

வழக்கை எங்கே போடுவது? மாவட்ட நீதிமன்றத்துக்குக் கீழே போட முடியாது. மீறலுக்கு வழக்குப் போடுபவர் தன் தொழில் நடக்கும் ஊரிலேயே போடலாம் என்று பிரிவு 134 சலுகை தருகிறது, அதனால் கும்பகோணத்துக்குப் பக்கத்திலேயே முடித்துக்கொள்ளலாம் என்று யாராவது சொல்வார்கள். இரண்டு காரணங்களால் வேண்டாம். அந்தச் சலுகை பாசிங் ஆஃபுக்குக் கிடையாது. தவிர, தவறு நடந்த ஊரிலேயே உங்களுக்குக் கிளை இருந்தால் அங்கேதான் போட வேண்டும் என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் கட்டுப்படுத்திவிட்டது. திருச்சியிலேயே இரண்டையும் சேர்த்து ஒரே வழக்காகப் போடுங்கள்.

நீங்கள் ஏற்கெனவே ஒரு தீபாவளியை விட்டுவிட்டீர்கள். வேண்டுமென்றே காப்பியடித்தது தெரிந்தால், தாமதம் மட்டுமே தடையை மறுக்கக் காரணமாகாது என்று 2004-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் நடைமுறை வேறு. வழக்கு மதிப்பு 3 லட்சத்துக்கு மேல் இருந்தால் வணிக நீதிமன்றச் சட்டம் 12-ஏ பிரிவுப்படி முதலில் சமரசத்துக்குப் போக வேண்டும். அவசர இடைக்கால நிவாரணம் கேட்டால் மட்டும் அதிலிருந்து விலக்கு. இரண்டு தீபாவளியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு 'அவசரம்' என்று மனுவில் எழுதினால் நீதிபதி புருவத்தை உயர்த்துவார். இடைக்காலத் தடையோடு, கடையில் எத்தனை பெட்டி இருப்பு என்று கணக்கெடுக்க ஒரு வக்கீல் கமிஷனரையும் கேளுங்கள். கடைசியில் நஷ்ட ஈடு அல்லது அவர் சம்பாதித்த லாபம், இரண்டில் ஒன்றைக் கேட்கலாம். அதில் பெரிய தொகை வரும் என்று கணக்குப் போடாதீர்கள்.

பெட்டிக்கு இப்போதே தனி விண்ணப்பம் போடுங்கள். மயில், கரை, நிறம், பெயர் எல்லாம் சேர்ந்த லேபிளாக, இனிப்புகள் அடங்கும் 30-ஆம் வகுப்பில், 2006 முதல் பயன்பாடு என்று பிரமாணப் பத்திரத்தோடு. தனிநபர் அல்லது சிறுதொழில் என்றால் இணையத்தில் 4,500 ரூபாய் கட்டணம். பதிவு விண்ணப்பத் தேதியிலிருந்துதான் செல்லும், எனவே இந்த வழக்குக்கு உடனே உதவாது. அடுத்து வருபவருக்கு உதவும். நோட்டீஸ் அனுப்புவதானால், பெட்டியும் பதிவாகியிருப்பதுபோல ஒரு வரிகூட எழுத வேண்டாம். ஆதாரமில்லாமல் மிரட்டினால் எதிராளியே உங்கள்மேல் வழக்குப் போட பிரிவு 142 இடம் கொடுக்கிறது.

என் கணிப்பைக் கேட்டால்: பெட்டிக்குத் தடை கிடைக்கும் வாய்ப்பு நன்றாக இருக்கிறது, டிசைன் உங்களுக்காகவே வரையப்பட்டது என்றால். 'தேன்மதி' என்ற பெயரையே அடியோடு நீக்கவைப்பது கடினம். தடை கிடைத்த மறுவாரம் பெரும்பாலும் எதிர்த்தரப்பு பேச வரும். அப்போது பெயருக்காக மல்லுக்கு நிற்காமல், அவர் வேறு நிறத்தில் வேறு அமைப்பில் பெட்டி போடுவது, பறவையை எடுப்பது, பெயரை முற்றிலும் வேறு எழுத்து வடிவில் போர்டிலும் பெட்டியிலும் மாற்றுவது என்று கேளுங்கள். பழைய பெட்டியைத் தீர்த்துக்கொள்ள அவகாசம் கேட்பார். ஒரு மாதம் கொடுங்கள், அதுவும் தீபாவளி சீசனுக்குள் போகாத மாதமாக. ஜர்னல் எதிர்ப்பு மனுவைத் திரும்பப் பெறச் சொல்லியும் கேட்பார். பழைய பெட்டி கடையில் ஒன்றுகூட இல்லை என்று கமிஷனர் எழுதிக் கொடுத்த பிறகு அதில் கையெழுத்துப் போடுங்கள்.